காது எங்கே?

பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறீர்களா? நான் கத்தியிருக்கிறேன். அதனால் ஒரு தப்பும் நடந்தது. அந்தத் தப்பையும், கத்தாமலேயே கூட்டத்தை அமைதியாக்க ஒரு பிடி டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், அதன் வழியாக ஒரு பையனின் காது நோய் வெளியே வந்ததையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான திரெட். ஆசிரியர்கள், முகாம் நடத்துபவர்கள், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி. பிப்ரவரி 10, தேசிய குடற்புழு நீக்க நாள். அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை, ஆளுக்கு ஒன்று, நன்றாகச் சப்பிச் சாப்பிட வேண்டும். வழக்கமாக வகுப்பறையில் வைத்து ஆசிரியர்களே கொடுத்துவிடுவார்கள். நாங்கள் மேற்பார்வைக்குப் போவோம். அந்தப் பள்ளியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "காய்ச்சல் இருக்கிறவங்க, உடம்பு சரியில்லாதவங்க, வேற மாத்திரை சாப்பிடுறவங்க கை தூக்குங்க." அவர்களுக்கு அன்றைக்குக் கொடுக்க மாட்டோம். உடம்பு சரியானதும் கொடுப்போம்.

கேட்டேன். முன்வரிசை மட்டும் பார்த்தது. இன்னும் சத்தமாகக் கேட்டேன். பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை, அவர்களும் சத்தத்தைக் கூட்டினார்கள். மூன்றாவது தடவை அடித்தொண்டையில் இருந்து கத்தினேன். நாலைந்து வாலுப் பசங்க என்னை மாதிரியே திருப்பிக் கத்தினார்கள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. யாரும் கை தூக்கவில்லை. சரி, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று நானே முடிவு செய்து கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

இருபது நிமிஷம் கழித்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாந்தி எடுத்தாள். தொட்டுப் பார்த்தால் அனலாகக் கொதிக்கிறது. முந்தின ராத்திரியில் இருந்தே காய்ச்சலாம். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, அம்மாவை வரவழைத்தோம். அந்த அம்மா கோபமே படாமல் கேட்டார்: "காய்ச்சல் இருக்கான்னு கேக்கலையா சார்?"

"கேட்டேன்மா."

"அவ காதுல விழலைங்கிறா சார்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கேட்டது உண்மை. அவள் காதில் விழவில்லை என்பதும் உண்மை. அன்றைக்கு இன்னும் இரண்டு பள்ளி பாக்கி இருந்தது. மூன்றாவது பள்ளிக்குப் போகும்போது என் குரல் சுத்தமாகப் போய்விட்டது.

கத்தினால் ஏன் வேலைக்காகவில்லை? இரண்டு காரணம்.

ஒன்று, வெட்டவெளி. அறைக்குள் பேசினால் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். மைதானத்தில் அது கிடையாது. தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். என் வாயில் இருந்து 1 மீட்டரில் நிற்கும் பையனுக்கும் 16 மீட்டரில் நிற்கும் பையனுக்கும் 24 டெசிபல் வித்தியாசம். முன்னால் இருக்கிறவனுக்குக் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பின்னால் இருக்கிறவனுக்குத் தோன்றும். அதையும் பக்கத்தில் இருப்பவனின் பேச்சு அமுக்கிவிடும்.

இரண்டு, சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் தன் குரலைக் கூட்டுவான். இதைக் கவனித்துச் சொன்னவர் எட்டியென் லொம்பார்ட் என்ற பாரிஸ் காது மூக்கு தொண்டை மருத்துவர், 1911இல். காதில் இரைச்சலைச் செலுத்திக்கொண்டே ஆளைப் பேசச் சொல்வார். காது கேட்கிறவன் குரலை உயர்த்திவிடுவான். காது கேட்கவில்லை என்று பொய் சொல்கிறவனைக் கண்டுபிடிக்கக்கூட இது உதவியது. அதாவது நான் கத்தக் கத்த, பின்வரிசைக்கு நானும் ஒரு கூடுதல் இரைச்சல். அவர்கள் பேச்சை அதற்கு மேல் ஏற்றினார்கள். தப்பு பிள்ளைகள் மேல் இல்லை.

ஆகஸ்ட் 10, அடுத்த சுற்று. அதே பள்ளி, அதே வேப்பமரம். பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்த பிடி டீச்சர் இந்த முறை இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானதைப் பார்த்து, "சார், நீங்க சும்மா இருங்க. நான் கூப்பிடுறேன்" என்றார்.

முதலில் இடத்தை மாற்றினார். நான் நின்ற இடத்தில் வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கண் கூசும், அதனால் தலையைக் குனிந்துகொள்வார்கள். டீச்சர் வெயில் தன் முகத்தில் படும்படி எதிர்ப்பக்கம் போய் நின்றார். காற்றும் அவர் முதுகுப் பக்கத்தில் இருந்து பிள்ளைகளை நோக்கி அடித்தது. அப்புறம் அசையாமல் நின்றார். நடந்துகொண்டே கூப்பிட்டால் யாரைப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதாம்.

பிறகு கை தட்டினார். இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. டப், டப், டப்டப்டப். முன்னால் இருந்த இருபது பேர் அதே மாதிரி திருப்பித் தட்டினார்கள். டீச்சர் மறுபடி தட்டினார். இந்த முறை பாதிக் கூட்டம் தட்டியது. மூன்றாவது முறை மொத்தக் கூட்டமும்.

இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. டீச்சரின் கைத்தட்டல் கடைசி வரிசைக்குப் போகவே இல்லை, போகவும் வேண்டாம். முதல் இருபது பேருக்குக் கேட்டால் போதும். இருபது பேர் சேர்ந்து தட்டினால் ஒருவர் தட்டுவதைவிட 13 டெசிபல் கூடுதல், காதுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு அந்தச் சத்தம் கூட்டத்துக்கு உள்ளேயே, அடுத்த வரிசைக்குப் பக்கத்திலேயே பிறக்கிறது. ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசைக்கு ஒலிபெருக்கி.

பேச்சு இரைச்சல் என்பது தொடர்ச்சியான 'கசகச'. கைத்தட்டல் சட்டென்று வெடித்து அடங்கும், தாளமும் இருக்கும். அதனால் இரைச்சலுக்கு நடுவிலும் தனியாகத் தெரியும். தட்ட ஆரம்பித்த பிள்ளை தாளத்தைக் கவனிக்க வேண்டும், அதனால் பேச்சு தானாக அறுபடும். "பேசாதே" என்று சொன்னால் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. "திருப்பித் தட்டு" என்றால் வேலை இருக்கிறது.

நான்காவது முறை டீச்சர் மெதுவாகத் தட்டினார். ஐந்தாவது முறை இரண்டே விரலால் உள்ளங்கையில். இருநூறு பேர் இரண்டு விரலால் தட்டினால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கிறது. அதன் பிறகுதான் குரல். கத்தல் இல்லை, வகுப்பில் பேசுகிற குரல்தான்.

"காது எங்கே?"

"இங்கே இருக்கு!" என்று இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கண்ணு எங்கே?"

"உங்க மேலே!"

"வாய் எங்கே?"

இதற்குப் பதில் கிடையாது. உதட்டை மூடிக்கொண்டு விரலை மேலே வைக்க வேண்டும், அதுதான் பதில். இருநூறு பிள்ளைகள் வாயை மூடி டீச்சரையே பார்க்கிறார்கள். மரத்தில் அணில் கத்துவது கேட்டது. மொத்தமாக அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

டீச்சர் உடனே பேசவில்லை. மனசுக்குள் மூன்று எண்ணுவாராம். பின்னால் யாராவது முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அதுவும் அடங்கிவிடும். அதற்குள் அவசரப்பட்டுப் பேசிவிட்டால், 'டீச்சர் பேசும்போது நாமும் பேசலாம்' என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். மூன்று எண்ணிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் சாதாரணக் குரலில் கேட்டேன்: "யாருக்குக் காய்ச்சல்? கை தூக்குங்க."

நாலு கை எழுந்தது.

பிப்ரவரியில் அந்த மைதானத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் இருந்ததோ, நான் பார்க்காமல் விட்டது எத்தனையோ என்று அப்போதுதான் நினைத்தேன்.

இதை நானும் கற்றுக்கொண்டு வேறு பள்ளிகளில் முயன்றேன். முதல் பள்ளியிலேயே சொதப்பல். போனதும் கையைத் தட்டினேன். பிள்ளைகள் நான் எதற்கோ பாராட்டுகிறேன் என்று நினைத்து விசிலடித்துக் கைத்தட்டினார்கள். டீச்சருக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டு, "சொல்லிக்கொடுக்காம எப்படி சார் வரும்? நான் ஜூன்ல பள்ளி திறந்த முதல் வாரமே பழக்கிடுவேன்" என்றார்.

அதனால் இப்போது நான் செய்வது இது. பிள்ளைகள் மைதானத்துக்கு வரும்முன், வகுப்பறையில் வரிசையாக இருக்கும்போதே போய் இரண்டு நிமிஷம் சொல்லிவிடுவேன்: "நான் தட்டினா நீங்க அதே மாதிரி திருப்பித் தட்டணும். கேள்வி கேட்டா இந்தப் பதில் சொல்லணும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை, வாயை மூடணும்." மூன்று தடவை ஒத்திகை. ஒரு தடவை வேண்டுமென்றே அவர்களைப் பேச விட்டு, நடுவில் தட்டிப் பார்ப்பேன். இரைச்சலில் இருந்து அமைதிக்கு வருவதைத்தான் பழக்க வேண்டும். அமைதியாக இருப்பவர்களை அமைதியாக்கிப் பிரயோஜனமில்லை.

அமைதி வந்த பிறகு என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஒரே ஒரு விஷயம், ஒரே வாக்கியம், உடனே செய்யக்கூடியது. ஒரு முகாமில் கூட்டத்தை அமைதியாக்கிவிட்டு ஐந்து நிமிஷம் கை கழுவுவதைப் பற்றிப் பேசினேன். அடுத்த முறை தட்டியபோது பாதிப் பேர்தான் திருப்பித் தட்டினார்கள். 'தட்டினால் போரடிக்கும் பேச்சு வரும்' என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை தட்டினாலும் இதேதான். நாலாவது தடவைக்கு மேல் தாளம் தேய்ந்துவிடும்.

ஐம்பது மீட்டருக்கு மேல் பிள்ளைகள் சிதறி விளையாடும் பெரிய மைதானத்தில் கைத்தட்டல் எடுபடாது, முதல் இருபது பேரே பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அங்கே விசில்தான். சாரணர் இயக்கத்தில் பேடன் பவல் 1908லேயே எழுதி வைத்த முறை இருக்கிறது. ஒரு நீளமான ஊதல் என்றால் 'அமைதி, அடுத்த சைகையைக் கவனி'. அடுத்தடுத்துக் குட்டி ஊதல்கள் என்றால் 'எல்லாரும் ஒன்று கூடு'. முதலில் விசிலால் கூட்டி, பக்கத்தில் வந்ததும் கைத்தட்டலுக்கு மாறலாம். விசிலைப் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் மட்டும் ஊதாதீர்கள்.

பெரியவர்கள் கூட்டத்தில் "காது எங்கே?" என்று கேட்டால் முறைப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது நான் "வணக்கம்" என்பேன். முன்னால் இருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி "வணக்கம்". மூன்றாவது வணக்கத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். கோயில் திருவிழாவில் ஒருவர் ஆரம்பிக்க ஊரே "அரோகரா" சொல்கிறதே, அதே சங்கதிதான். பதில் சொல்லிப் பழகிய வார்த்தை வந்தால் வாய் தானாகப் பதில் சொல்லும்.

இப்போது அந்தப் பையனின் விஷயத்துக்கு வருகிறேன்.

அதே ஆகஸ்ட் நாள், வேப்பமரத்தடி. டீச்சர் கேள்வி கேட்க, நான் சும்மா நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துகிற வேலை இல்லாததால் பார்க்க முடிந்தது. நடுவில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு. "காது எங்கே?" என்றதும் எல்லாக் கையும் காதுக்குப் போகிறது, இவன் கை அரை நொடி பிந்திப் போகிறது. "கண்ணு எங்கே?" அப்போதும் பிந்துகிறான். அவன் கண் டீச்சர் மேல் இல்லை. பக்கத்தில் இருப்பவனின் கை மேல் இருந்தது.

டீச்சரிடம் கேட்டேன். "அவனா சார்? சொன்ன பேச்சே கேக்க மாட்டான். வகுப்புலயும் அப்படித்தான்னு சொல்றாங்க. ஆனா கிட்டப் போய்ச் சொன்னா செய்வான். திமிரு."

கிட்டப் போய்ச் சொன்னால் செய்வான். அந்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது.

டீச்சரைக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்று ஒரு தடவை கூப்பிடச் சொன்னேன். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. அவன் தலை கடைசியாகத் திரும்பியது, அதுவும் மற்றவர்கள் திரும்புவதைப் பார்த்து.

ஓரமாகக் கூப்பிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நின்றேன். ஒரு காதை அவனையே விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இன்னொரு காதுக்குக் கேட்கும்படி மூன்று எண்களைக் கிசுகிசுத்தேன். திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதில் ஒன்றைச் சொன்னான். இடது காதில் ஒன்றுகூட வரவில்லை. "சார், சொல்லுங்க சார், ரெடி" என்றான். நான் சொல்லி முடித்திருந்தேன்.

காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சீழ். செவிப்பறையில் ஓட்டை. சின்ன வயதில் இருந்தே சளி பிடிக்கும்போதெல்லாம் காது ஒழுகுமாம். வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்களாம், நின்றுவிடுமாம், மறுபடி ஒழுகுமாம். வலி இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மாதிரிக் காதில் சத்தம் அடியோடு நிற்காது, குறையும். நேருக்கு நேர் பேசினால் உதட்டையும் பார்த்துச் சமாளித்துவிடுவான். அதனால் வீட்டில் தெரியாது. மைதானத்தில் 16 மீட்டர் தள்ளி நின்றால், நான் முன்னால் சொன்ன 24 டெசிபல் இழப்போடு இவன் காதின் இழப்பும் சேரும். டீச்சர் குரல் அவனுக்குப் போய்ச் சேரவே சேராது. எல்லாரும் ஓடும்போது ஓடி, எல்லாரும் தட்டும்போது தட்டி ஏழாம் வகுப்பு வரை வந்துவிட்டான். இடையில் எத்தனை அடி வாங்கினானோ.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவி அடைத்துக்கொள்ள வேண்டும். குளம், கிணறு கூடாது. எண்ணெய் கூடவே கூடாது. மூன்று மாதத்தில் சீழ் நின்றது. ஓட்டை தானாக மூடவில்லை, அறுவை சிகிச்சைக்கு வரிசையில் இருக்கிறான். வகுப்பில் இப்போது முதல் பெஞ்ச்.

டீச்சர் அன்றைக்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "திமிருன்னு சொல்லிட்டேனே சார்" என்றார். அடுத்த முறை நான் போனபோது அவர் முறை கொஞ்சம் மாறியிருந்தது. தட்டுவதற்கு முன்னால் வலது கையை நேராகத் தூக்குகிறார். பார்த்த பிள்ளைகள் எல்லாரும் கை தூக்குகிறார்கள். பாதிக் கை எழுந்த பிறகுதான் தட்ட ஆரம்பிக்கிறார். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் அழைப்பு கண் வழியாக, அதே நேரத்தில், போய்ச் சேர்கிறது.

நீங்கள் பிள்ளைகள் கூட்டத்தைக் கையாள்கிறவர் என்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வார்த்தைகளை உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். கை தூக்கல், தட்டல், தேய்ந்து போகும் தாளம், கடைசியில் பதில் இல்லாத ஒரு கேள்வி, மூன்று எண்ணிக்கை, ஒரே வாக்கியம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கூடவே ஒரு வேலை. பிள்ளைகள் பதில் சொல்லும்போது அவர்கள் கண்களைப் பாருங்கள். ஒரே பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் பிந்தினால், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பதில் சொன்னால், திட்டாதீர்கள். பின்னால் நின்று கிசுகிசுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள், காதுக்குள் பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும்.